கையில் கட்டிய பெயர்

மார்ச் 3

1,420 கிராம். 32 வாரம். மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறார்கள்: ‘பேபி ஆஃப் சுமதி’. என் சுண்டு விரலைவிட அந்தக் கை கொஞ்சம்தான் பெரிது.

மார்ச் 4

கண்ணாடிக்கு வெளியே பெஞ்சு. உள்ளே போக மதியம் பத்து நிமிஷம்தான். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ பையிலேயே இருந்தது, அமெரிக்க அடிமைகளைப் பற்றிய நாவல். மூன்றாவது தடவை படிக்கிறேன். பெயர் வருகிற இடத்திலெல்லாம் நின்றுவிடுகிறேன்.

மார்ச் 6

இன்று முழுக்க பேபி சக்ஸ்தான் மனதில், நாவலில் அடிமையாக இருந்து விடுதலையாகிறவள்.

மகன் ஹாலே ஞாயிற்றுக்கிழமைகளிலும் உழைத்து அவளை விலைக்கு மீட்கிறான். எஜமானர் கார்னர் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். வழியில் அவள் கேட்கிறாள்: என்னை ஏன் ஜென்னி என்று கூப்பிடுகிறீர்கள்? விற்பனைச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஜென்னி விட்லோ என்று, என்கிறார். அது உன் பெயர் இல்லையா? நீ உன்னை என்னவென்று சொல்லிக்கொள்வாய்? ஒன்றுமில்லை என்கிறாள். எத்தனை வருஷம் கூப்பிட்டிருப்பார், இவளும் ஏன் என்று கேட்காமலே திரும்பிப் பார்த்திருப்பாள்.

சக்ஸ் என்பது கணவனின் பெயர். பேபி என்பது அவன் கூப்பிட்டது. ‘மிஸஸ் பேபி சக்ஸ்’ விடுதலையான ஒருத்திக்கு ஏற்ற பெயரில்லை, ஜென்னி விட்லோவே இருக்கட்டும் என்று கார்னர் யோசனை சொல்கிறார். அவள் நினைப்பதோ வேறு: விற்பனைச் சீட்டுப் பெயரை வைத்துக்கொண்டால் அந்த மனுஷன் என்னைத் தேடி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பான்? அவன் விட்டுப்போனதில் அவளிடம் மிச்சம் அந்தப் பெயர்தான்.

இதில் எதையும் நான் ஊகிக்கவில்லை. பெயரை வைத்தது யார், கூப்பிடுவது யார், எந்தக் காகிதத்தில் இருக்கிறது, எல்லாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

மார்ச் 7

1,350. முதல் வாரம் குறையத்தான் செய்யும் என்கிறார்கள். சுமதி அழுதாள்.

மார்ச் 8

காலேஜ் தோழி போன் செய்தாள். பேச்சை மாற்றத்தான் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். நாவலின் நாயகி சேத்தின் பெயரில் ‘லீத்தி’ ஒளிந்திருக்கிறது, கிரேக்கப் புராணத்தில் மறதியின் ஆறு, நாவலே மறதியைப் பற்றித்தானே என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சேத்துக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று நாவலே சொல்கிறது. நேன் என்கிற பெண் சின்னப் பிள்ளை சேத்திடம் சொல்கிறாள்: வெள்ளைக்காரர்களால் பிறந்த குழந்தைகளை உன் அம்மா பெயர் வைக்காமலே எறிந்துவிட்டாள்; உனக்கு மட்டும் அந்தக் கறுப்பினத்தானின் பெயரை வைத்தாள். பெயர் இருந்தது என்றாலே வைத்துக்கொள்ளப்பட்ட பிள்ளை என்று அர்த்தம். அந்த ஆற்றை எடுத்துவிட்டுப் படித்தால் எந்தக் காட்சியும் சரியாது. நேன் சொன்னதை எடுத்துவிட்டால் சேத் யாரென்றே தெரியாது. எனக்கு இந்த ஒரு சோதனை போதும்.

வஷ்டி என்ற பெயரில் மட்டும் தயங்குகிறேன். பைபிளில் ராஜா கூப்பிட்டும் போக மறுத்த ராணி அவள். இங்கே எஜமானின் மகனிடம் போக வேண்டியிருந்தவளுக்கு அந்தப் பெயர். அதைத் தெரிந்தவருக்கு வலி கூடும். ஆனால் தெரியாதவரும் அந்தப் பக்கத்தில் எதையும் இழப்பதில்லை.

மார்ச் 10

பில் கட்டும் இடத்தில் வரிசை. அந்த அம்மா ஊதா மையில் ‘பெய்ட்’ என்று ஓங்கிக் குத்தினார். மை விளிம்பில் கசிந்தது. நாவலில் வரும் ஸ்டாம்ப் பெய்ட் நினைவு வந்து அங்கேயே கண் கலங்கிவிட்டது.

வஷ்டியின் கணவன் அவன். பிறந்தபோது ஜோஷுவா. அவளை அந்த மகனிடம் விட்டுக்கொடுத்தபோது தானே பெயரை ஸ்டாம்ப் பெய்ட் என்று மாற்றிக்கொண்டான். யாரையும் கொல்லவில்லை, தன்னையும். நீ உயிரோடு இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அதைக் கொடுத்த பிறகு யாருக்கும் எந்தக் கடனும் தனக்கில்லை என்று முடிவு செய்கிறான். பிறகு ஆற்றைக் கடந்து தப்பி வருகிறவர்களையும் அந்தக் கடனில்லாமையில் சேர்த்துக்கொள்கிறான். ஜோஷுவா என்பதை வைத்து, பைபிளில் அந்தப் பெயர்க்காரர் வீழ்த்திய எரிகோ மதில்வரை போகிறவர்கள் உண்டு. அவன் கழற்றிப் போட்ட பெயர் அது.

மார்ச் 11

1,390. ஏறியிருக்கிறது!

மார்ச் 13

நட்சத்திரம் அசுவினி; சு, சே, சோ, லாவில் பெயர் பார்க்கச் சொல்லி அம்மா போன் செய்தார். வீட்டுக்கு வரட்டும் அம்மா என்றேன். சுமதியிடம் சொல்லவில்லை.

இரவு, இறந்துபோன சேத்தின் பெண்குழந்தையின் கல்லறைக் கல்லில் நின்றுவிட்டேன். கல்வெட்டுக்காரனுக்குப் பத்து நிமிஷம் உடம்பைக் கொடுத்து சேத் வாங்கியது ஏழு எழுத்து: பிலவ்ட். இன்னொரு பத்து நிமிஷம் கொடுத்திருந்தால் ‘டியர்லி’யும் கிடைத்திருக்குமோ என்று பிறகு வருந்துகிறாள். அடக்கத்தின்போது பாதிரியார் சொல்லக் கேட்ட சொற்கள் அவை. அந்தச் சொல்லுக்குள் எதையும் தேட வேண்டாம். கொடுக்க முடிந்த அளவுக்கு வெட்டிய எழுத்து அது. குழந்தைக்கு வேறு பெயர் இருந்ததா என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. எல்லோருக்கும் அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரியும், பெயர் ஒருத்தருக்கும் தெரியாது என்று முடிவில் வருகிறது.

மூடி வைத்துவிட்டேன். இன்று அதற்கு மேல் முடியாது.

மார்ச் 15

1,465. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். சுமதி முதல் தடவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பட்டையில் எழுத்து பாதி அழிந்திருக்கிறது. சுமதி காதுக்குள் என்னவோ சொல்லிக் கூப்பிட்டாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

மார்ச் 16

விடிகாலை நாலு மணி. கதவைத் திறந்து நர்ஸ் கூப்பிட்டார்: “பேபி ஆஃப் சுமதி, கூட யாரு?”