ஹீட்டர் போர்டில் பறந்த பொறியும் ஓனருக்கு எழுதிய கடிதமும்

டிசம்பர் 3, 2024, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு அம்மா குளிப்பதற்காக ஹீட்டரைப் போட்டேன். இரண்டு நிமிடம் இருக்கும். பாத்ரூமுக்கு வெளியே உள்ள போர்டிலிருந்து எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம். சுவிட்சின் ஓரத்து இடுக்கில் நீலமாய்ப் பொறி தெரிந்தது. மெயினுக்கு ஓடி, கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் எம்.சி.பி.யைக் கையால் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் கருகிய வாசனை வராந்தா முழுக்க இருந்தது.

சுவிட்சைத் தட்டும் நொடியில் உள்ளே லேசாக மின்னுவது எல்லா வீட்டிலும் உண்டு. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இது அப்படியில்லை. யாரும் கை வைக்காமல், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக வந்த பொறி. இதே போர்டில் அக்டோபரிலும் வந்தது. அப்போது எங்கள் செலவில் சுவிட்சையும் சாக்கெட்டையும் மாற்றினோம். புதுசு ஏழு வாரம்கூடத் தாங்கவில்லை.

டிசம்பர் 7, சனி

ஓனருக்கு ஃபோன் செய்தேன். கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பொறுமையாகத்தான் கேட்டார். “ஏம்மா, சுவிட்ச் சாக்கெட்டெல்லாம் குடியிருக்கிறவங்க பாத்துக்கணும்னு அக்ரிமெண்ட்லயே போட்டிருக்கே. எம்.சி.பி. விழலைங்கிறீங்க. அப்புறம் என்ன பயம்?”

முதலில் சொன்னதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை பழுதுகளை இரண்டாகப் பிரிக்கிறது. சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவருக்கு. உள் வயரிங், வெளி வயரிங் பராமரிப்பு உரிமையாளருக்கு. ஆக, பழுது சுவிட்சிலா, சுவிட்சுக்கு வரும் வயரிலா என்பதுதான் கேள்வி. ‘உங்கள் போர்டில் பொறி வருகிறது’ என்று மட்டும் எழுதினால் சுவிட்சை மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் வரும்.

டிசம்பர் 8, ஞாயிறு

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போர்டைக் கழற்றினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். சுவிட்சின் திருகுக்குள் போகும் வயர் தாமிரம்போல் சிவப்பாக இல்லை, வெள்ளிபோல் வெளுத்திருந்தது. அலுமினியம். முனை நசுங்கித் தட்டையாகிச் சாம்பல் பூத்திருந்தது. அதிலிருந்து இரண்டு விரல்கடை நீளத்துக்கு மேலுறை பழுப்பாகி, அவர் வளைத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சுவிட்சின் உடம்பில் கருகல் அந்த ஒரு திருகைச் சுற்றித்தான். மறுபக்கம் புத்தம் புதிதாக இருந்தது.

“அக்கா, இது எண்பதுகள்ல போட்ட வயரிங். அலுமினியம் மெத்துனு இருக்கும். திருகு எவ்வளவு இறுக்கினாலும் சூடாகிச் சூடாகி ஆறுறதுல நசுங்கிக் கொடுத்துடும். அப்புறம் லூஸ்தான்” என்றார். அலுமினியத்தின் மேல் காற்றுபட்டுப் படியும் ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. லூஸான இடத்தில் சூடு, சூட்டில் இன்னும் லூஸ். சுவிட்சை எத்தனை முறை மாற்றினாலும் திருகுக்குள் போவது அதே வயர்தான்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை வைத்து ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஹீட்டர் 2000 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அந்த லைனுக்கு இருப்பது 20 ஆம்பியர் எம்.சி.பி. லூஸ் இணைப்பால் கரண்ட் கூடுவதில்லை, எம்.சி.பி. விழக் காரணமே இல்லை. ஆனால் அந்தத் திருகில் அரை ஓம் தடை வந்துவிட்டால் போதும், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 38 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் கம்பியின் சூடு அது. அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறோம். கசிவு மின்சாரத்துக்கு விழும் ஆர்.சி.சி.பி. இருந்தாலும் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் இங்கே கசிவே இல்லை.

அந்த லைன் எம்.சி.பி.யை இறக்கி, மேலே டேப் ஒட்டியாயிற்று. வெந்நீர் இனி அடுப்பில்.

டிசம்பர் 10, செவ்வாய்

முதலில் எழுதிய கடிதத்தில் கோபம்தான் இருந்தது. கிழித்துவிட்டேன். இரண்டாவது இது:

“மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மாடியில் குடியிருக்கும் நான் எழுதுவது. பாத்ரூம் ஹீட்டர் போர்டில் அக்டோபர் 20 அன்றும் டிசம்பர் 3 அன்றும் தீப்பொறி வந்தது. அக்டோபரில் சுவிட்ச், சாக்கெட் இரண்டையும் என் செலவில் மாற்றினேன். ரசீது இணைத்துள்ளேன். அதன் பிறகும் அதே இடத்தில் பொறி வந்திருக்கிறது.

டிசம்பர் 8 அன்று எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து பார்த்தார். மெயின் பெட்டியிலிருந்து வரும் அலுமினிய வயரின் முனை கருகி, மேலுறை நொறுங்கியிருக்கிறது. அவர் எழுதிக் கொடுத்த குறிப்பும் நான்கு படங்களும் இத்துடன் உள்ளன. சுவர்க் குழாய்க்குள் இருக்கும் மீதி வயரின் நிலை வெளியே தெரியாது.

மெயினிலிருந்து போர்டு வரை 4 ஸ்கொயர் எம்.எம். தாமிர வயரும், தனி எர்த் வயரும் இழுத்து, அந்த லைனுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட வேண்டும் என்கிறார். கூலியோடு 4,300 ரூபாய் மதிப்பீடு. வேறு எலக்ட்ரீஷியனை நீங்கள் அனுப்பினாலும் சரி. சுவிட்ச், சாக்கெட் செலவு என்னுடையது. வயரிங் செலவைத் தாங்கள் ஏற்று, டிசம்பர் 22-க்குள் வேலையை முடித்துத் தர வேண்டுகிறேன். அதுவரை அந்த லைனை அணைத்தே வைத்திருக்கிறேன்.”

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். படங்களை வாட்ஸ்அப்பிலும் போட்டேன். அக்டோபர் ரசீதைத் தூக்கிப்போடாமல் அம்மா சாமி அலமாரியில் வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் ‘சுவிட்சை மாற்றியும் போகவில்லை’ என்று சொல்ல என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

டிசம்பர் 15, ஞாயிறு

ஓனரே கூப்பிட்டார். “அந்தக் கருகின வயர் போட்டோவைப் பாத்தேம்மா. அப்பா காலத்துல போட்டது. இவ்வளவு மோசமா இருக்கும்னு எனக்கே தெரியாது.” எலக்ட்ரீஷியனிடமும் ஃபோனில் பத்து நிமிடம் பேசினார். அலுமினியத்தோடு தாமிரத் துண்டை முறுக்கி ஒட்டுப்போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறார். அந்த ஒட்டு இன்னொரு லூஸ் இணைப்பாகத்தான் முடியும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். முழு நீளத்துக்கும் ஒரே வயர், நடுவில் ஒட்டே கிடையாது. ஓனர் சம்மதித்தார்.

டிசம்பர் 21, சனி

பழைய வயரின் முனையில் புது வயரைக் கட்டி மறுபக்கம் இழுத்தார்கள். ஒரு வளைவில் சிக்கிக்கொண்டதால் அங்கே மட்டும் பூச்சை உடைக்க வேண்டி வந்தது. மதியம் இரண்டு மணிக்கு முடிந்தது. வயரிங் பணத்தை ஓனர் நேராக அண்ணனுக்கே அனுப்பிவிட்டார், சுவிட்ச் சாக்கெட்டுக்கு நான் கொடுத்தேன்.

இருபது நிமிடம் ஹீட்டரை ஓடவிட்டு, புறங்கையை போர்டின் மேல் வைத்துப் பார்த்தேன். சுவர் எப்படி இருந்ததோ அப்படித்தான் போர்டும் இருந்தது. குழாயிலிருந்து வந்த பழைய வயரைச் சுருட்டிக் காட்டினார் அண்ணன். நாங்கள் பார்த்திராத நடுப்பகுதியிலும், ஒரு முழ நீளத்துக்கு மேலுறை விரிந்து பிளந்திருந்தது.

அடுத்த அறையின் ஏ.சி. போர்டிலும் அதே வெளுத்த வயர்தான். ஏப்ரலில் ஏ.சி. போடுவதற்கு முன் திறந்து பார்க்க வேண்டும் என்று ஓனருக்கு இன்றே படத்தோடு எழுதி அனுப்பிவிட்டேன்.