நேடிர் பேட்ச்ல ஒரு தடவை ஃபெயில், ரெண்டாவது தடவை பாஸ்: தரையில கை வைக்கறதுக்கு முன்னாடி லெவலைப் பாருங்க

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு, பாஸ். அல்சூர்ல சித்தி வீட்டு மொட்டைமாடில நின்னு அந்த மெயிலை மூணு தடவை படிச்சேன். போன தடவை இதே 360 பிராக்டிகல்ல என்னைக் கவுத்தது நேடிர் பேட்ச், அதாவது ட்ரைபாட் நின்ன அந்த ஒரு மீட்டர் தரையில ட்ரைபாடை மறைச்சு தரையை ஒட்டற வேலை மட்டும்தான், அதனால அதைப் பத்தி மட்டும் எழுதறேன். எக்ஸ்போஷர், பனோ ஹெட் செட்டிங் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

போன தடவை குடுத்த இடம் பசவனகுடி பக்கம் ஒரு பழைய வீட்டு ஹால். தரை கறுப்பு வெள்ளைக் கட்டம், ஒவ்வொண்ணும் 20 செ.மீ. கேமரா உயரம் 1.5 மீட்டர், சுத்தி 6 ஷாட், மேல 1. ஸ்டிட்ச் சூப்பரா வந்துச்சு, 8000க்கு 4000. அதை க்யூபா மாத்தி, தரை விழற கீழ் க்யூப் ஃபேஸை வெட்டி எடுத்து குளோன் ஸ்டாம்ப்போட உக்காந்தேன். ஓரத்துல இருந்து நாலு கட்டத்தை எடுத்து நடுவுல வச்சா ஒரு முனை கச்சிதமா சேருது, மறுமுனை தள்ளி நிக்குது. வார்ப் பண்ணேன், இழுத்தேன், மறுபடி வார்ப் பண்ணேன், அதுலயே ஒண்ணரை மணி நேரம் போச்சு. எக்ஸாமினர் ஹெட்செட் மாட்டி கீழ பாத்ததும் சொன்ன முதல் வார்த்தை "ஃப்ளோர் வளைஞ்சிருக்கே".

வெளிய வந்து நின்னப்ப லேப்ல இருக்கற அண்ணன், ஸ்ரீராம்புரத்துக்காரர், என் ஃபைலைத் திறந்து பாத்துட்டு சொன்னாரு, "தம்பி, தரை நல்லாத்தான் இருக்கு, பனோவே சாஞ்சிருக்கு. சாஞ்சதை வச்சிக்கிட்டு எவ்ளோ ஒட்டினாலும் சேராது." இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ எழுதறேன்.

விஷயம் என்னன்னா, கீழ் ஃபேஸ்ங்கறது நேர் கீழ பாத்து 90 டிகிரிக்கு எடுத்த படம் மாதிரி. பனோ லெவலா இருந்தா தரை அந்தப் படத்துக்கு இணையா இருக்கும், அதனால தரை வீட்டு பிளான் மாதிரி தெரியும், எங்க அளந்தாலும் ஒரே ஸ்கேல். கேமரா 1.5 மீட்டர் உயரம்னா அந்த ஃபேஸ்ல விழற தரை 3 மீட்டருக்கு 3 மீட்டர். ஃபேஸ் சைஸ் பனோ அகலத்தை 3.14ஆல வகுத்தா வரும், 8000க்கு கிட்டத்தட்ட 2550 பிக்சல். அப்போ 20 செ.மீ. கட்டம் ஒண்ணு 170 பிக்சல், நடுவுலயும் 170, ஓரத்துலயும் 170. எங்கருந்து வேணா எடுத்து எங்க வேணா வைக்கலாம், உக்காந்துரும்.

என்னோடது 2 டிகிரி சாஞ்சிருந்துச்சு. ரெண்டு டிகிரிதானேன்னு தோணும். ஆனா சாய்வுக்குக் குறுக்கே அளந்தா ஒரு ஓரத்துல கட்டம் 176, எதிர் ஓரத்துல 164. ஓரத்துல இருந்து நாலு கட்டம் நடுவுக்குக் கொண்டு வந்தா 24 பிக்சல் பிசகு, தரையில கிட்டத்தட்ட 3 செ.மீ. நான் ஒண்ணரை மணி நேரம் மல்லுக்கட்டினது இந்த 3 செ.மீ. கூடத்தான்.

சரி, ஏன் சாஞ்சுது? 'இந்தக் கோடு செங்குத்து'ன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்ற வெர்டிகல் லைன் கண்ட்ரோல் பாயிண்ட் போட்டிருந்தேன், ஆனா ரெண்டையும் ஒரே திசையில, முன்னாடி வாசக்கால் ரெண்டு பக்கமும். ஒரு பேனாவை மூஞ்சிக்கு நேரா நிமித்திப் பிடிங்க, ஒரு கண்ணை மூடிக்கிட்டு மேல் முனையை உங்களை விட்டு அந்தப் பக்கமா சாயுங்க. பேனா இன்னும் நேராத்தான் தெரியும். இடது வலதா சாச்சா மட்டும்தான் கண்ணுக்குப் படும். அதே மாதிரி முன்னாடி இருக்கற ஒரு கோடு பக்கவாட்டுச் சாய்வைத்தான் சரி பண்ணும், முன்பின் சாய்வை விட்டுரும். நேர் எதிர்ச் சுவர்ல இன்னொண்ணு போட்டாலும் அதே கதைதான். முன்னாடி ஒண்ணு, அதுக்கு 90 டிகிரி தள்ளி பக்கத்துச் சுவர்ல ஒண்ணு, அப்போதான் ரெண்டு சாய்வும் பூட்டும். ஸ்டிட்ச் பண்ற சாஃப்ட்வேர் ஹகின்லயும் சரி, பிடிகுய்லயும் சரி இதே லாஜிக்.

இந்த தடவை வேற பங்களா, அதே மாதிரி கட்டத் தரை. வாசக்கால்ல ரெண்டு, வலது பக்க ஜன்னல் சட்டத்துல ரெண்டு போட்டேன், ஆப்டிமைஸ் பண்ணேன், ஃபேஸை எடுத்து நாலு ஓரத்துலயும் கட்டத்தை அளந்தேன். எல்லாம் 170க்கு ஒரு பிக்சல் முன்னபின்ன. அப்பறம்தான் தரையில கை வச்சேன்.

ஃபேஸ் எடுக்க நான் யூஸ் பண்ணது இது, முதல் வரி க்யூபா மாத்தும், அதுல தரையைச் சரி பண்ணி cube_fix.tif-னு சேவ் பண்ணிக்கிட்டா ரெண்டாவது வரி அதை மறுபடி பனோவா திருப்பும். கீழ் வரிசைல இடது ஓரத்துல இருக்கறதுதான் தரை:

```
ffmpeg -i pano.tif -vf "v360=e:c3x2:w=7650:h=5100:interp=lanczos" -frames:v 1 cube.tif
ffmpeg -i cube_fix.tif -vf "v360=c3x2:e:w=8000:h=4000:interp=lanczos" -frames:v 1 back.tif
```

திரும்பி வந்த back.tif-ஐ அப்படியே சப்மிட் பண்ணிராதீங்க. ரெண்டு தடவை மாத்தினதுல மொத்தப் படமும் லேசா சாஃப்ட் ஆகும், சுவத்துல இருக்கற எழுத்துல பாத்தா தெரியும். ஒரிஜினல் மேல லேயரா வச்சு அடியில 500 பிக்சலை மட்டும் மாஸ்க்ல திறங்க, ஓரத்துக்கு ஃபெதர் குடுங்க. ட்ரைபாட் கால் நடுவுல இருந்து அரை மீட்டருக்குள்ள நின்னா அது அடியில 410 பிக்சலுக்குள்ள அடங்கிரும், 500 தாராளம்.

இடத்துல இருக்கும்போதே கவனிக்க வேண்டியது:

- சுத்தி ஷாட் முடிஞ்சதும் ட்ரைபாடை ஒரு மீட்டர் தள்ளி வச்சு தரையை ஒரு ஷாட் எடுங்க. அதே லென்ஸ், அதே ஃபோகஸ், அதே எக்ஸ்போஷர், அதே ஒயிட் பேலன்ஸ்.
- அந்த ஷாட்டை ட்ரைபாட் முதல்ல நின்ன இடத்துல இருந்து எடுத்த மாதிரி மாத்தற வியூபாயிண்ட் கரெக்‌ஷன் போடறப்போ கண்ட்ரோல் பாயிண்ட் எல்லாம் தரையில மட்டும் இருக்கணும். நாற்காலி கால்ல, மிதியடி மேல ஒண்ணு இருந்தாலும் டெலீட். தரைங்கற ஒரு தளத்துக்குத்தான் அந்தக் கணக்கு சரியா வரும்.
- பாயிண்ட்டை ட்ரைபாடைச் சுத்தி நாலாபக்கமும் பரப்புங்க, ஒரே பக்கம் குவிச்சா எதிர்ப்பக்கம் இழுத்துக்கும்.

பாலிஷ் போட்ட மொசைக்ல இன்னொரு தொல்லை இருக்கு, டியூப்லைட் பிரதிபலிப்பு. கேமரா நகர்ந்தா அதுவும் தரையில நகரும், கட்டம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால தள்ளி எடுத்த ஷாட்ல கட்டம் கச்சிதமா சேந்தாலும் பேட்ச்சுக்குள்ள ரெண்டாவதா ஒரு வெள்ளைப் பட்டை வந்து நிக்கும், எந்த கண்ட்ரோல் பாயிண்ட்டும் அதைச் சரி பண்ணாது. நான் இந்த தடவை லைட்டை அணைக்கச் சொல்லிக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. கேமராவை இடப்பக்கம் வச்சு ஒண்ணு, வலப்பக்கம் வச்சு ஒண்ணு எடுத்தேன். இடப்பக்க ஷாட்ல பட்டை கால் இருந்த இடத்துக்கு வெளிய விழுந்துச்சு, அதையே வச்சுக்கிட்டேன். இன்னொரு ஷாட் எடுக்க அரை நிமிஷம்கூட ஆகாது, ரெண்டு பக்கமும் எடுத்துருங்க.

கடைசி செக் ஃபிளாட் படத்துல பண்ணாதீங்க, அதுல அடிவரிசை இழுபட்டுக் கிடக்கும், ஒண்ணும் புரியாது. வியூவர்ல போட்டு நேர் கீழ பாத்து மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. கட்டத்துக்கு நடுவுல இருக்கற ஜாயிண்ட் கோடு ஒண்ணைக் கண்ணால பிடிச்சு பேட்ச் ஓரத்தைத் தாண்டி போங்க, எங்கயாவது ஒடியுதான்னு தெரிஞ்சுரும். எனக்கு ஒரு இடத்துல ரெண்டு பிக்சல் ஒடிஞ்சுது, அங்க மட்டும் குளோன் ஸ்டாம்ப், பத்து நிமிஷ வேலை.

கப்பன் பார்க் புல்தரை மாதிரி இடம் வந்தா வியூபாயிண்ட் கரெக்‌ஷன் முழுசா உதவாது, புல்லுக்கு உயரம் இருக்கு, தளம் கிடையாது. அங்க நேரா குளோன் பண்ணிரலாம், கோடே இல்லாததால பிசகு தெரியாது. வெயில்ல ட்ரைபாடோட நிழல் கால்களைத் தாண்டி நீளமா போயிருக்கும், 500 பிக்சல் பத்தாது, நிழல் முடியற வரைக்கும் மாஸ்க்கைத் திறங்க.