சி.எஃப்.ஏ. லெவல் 3 இரண்டாவது முறையில் பாஸ்: ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கதை

முதலீட்டுத் துறைக்கான சி.எஃப்.ஏ. பரீட்சையின் கடைசிக் கட்டமான லெவல் 3 ரிசல்ட் வந்து நான்கு நாளாகிறது. படிப்புத் திட்டம் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது எல்லோரிடமும் இருக்கிறது. நான் மூன்று வருடமாக லெவல் 1 எழுதுபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இந்த முறை பாஸானதும் இப்போதைய வேலை கிடைத்ததும் அதனால்தான் என்பது என் கணக்கு.

ஆரம்பம் தற்செயல். ஒரு ஜூனியர் பாண்டு கணக்கு ஒன்றைக் கேட்டாள்: "அக்கா, மக்காலே டியூரேஷன் 8, வருட யீல்டு 6%, வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மாடிஃபைடு டியூரேஷனுக்கு எதால் வகுக்க வேண்டும்?" அவள் 1.06-ஆல் வகுத்து 7.55 போட்டிருந்தாள். 1.03 என்றேன், 7.77 வந்தது. "ஏன் 1.03?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. லெவல் 2 முடித்தவள் நான், ஃபார்முலாவை மனப்பாடம் செய்தே வந்திருக்கிறேன்! "ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்" என்று தள்ளிப்போட்டேன்.

உட்கார்ந்து எழுதிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பாண்டு தரும் ஒவ்வொரு வட்டித் தவணையையும் நாம் இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்வது அரையாண்டு விகிதத்தில், அதாவது 3%-இல். யீல்டு கொஞ்சம் நகர்ந்தால் விலை எவ்வளவு நகரும் என்று கணக்கிடும்போது வெளியே வந்து நிற்கும் வகுத்தியும் அந்த ஒரு தவணையின் 1.03தான். யீல்டு அரை சதவீதம் ஏறினால் விலை சுமார் 3.88% இறங்கும். அவள் கணக்குப்படி 3.77%. சின்ன வித்தியாசம்தான், ஆனால் விடைகளில் இரண்டுமே தெரிந்தால் மாட்டிக்கொள்வோம். ஞாயிறு காலை இதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். அவள் அதை இரண்டு பேருக்கு அனுப்பினாள். அந்த இருவரும் என்னிடம் வந்தார்கள்.

அப்புறம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நாற்பது பேரைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தேன். ஆறே வாரத்தில் செத்துப்போனது. அது சாகப்போகிறது என்பதற்கு அடையாளம் முன்பே இருந்தது: ஒரே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வரும், பதில் போட்டால் "நன்றி" மட்டும் வரும், யாரும் தன் கணக்கை எழுதிக் காட்டமாட்டார்கள். அதன்பின் ஒரு நேரத்தில் மூன்று பேர்தான். என் விதிகள்:

- முதலில் உன் தப்பான விடையை அனுப்பு. எந்த வரியில் நின்றாய் என்று சொல்.
- தெரியாவிட்டால் தெரியாது என்பேன், நாள் சொல்வேன், அந்த நாளில் பதில் வரும்.
- பரீட்சையில் வந்த கேள்வியை யாரும் கேட்கக் கூடாது, நானும் சொல்லமாட்டேன். பரீட்சைக் கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பது சி.எஃப்.ஏ. நடத்தை விதிகளில் ஸ்டாண்டர்ட் 7(ஏ).

மூன்றாவது விதியால் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

இதனால் எனக்கு என்ன லாபம்? லெவல் 3-இல் முதல் முறை நான் தோற்றது எழுத்துப் பதில்களில். "ஜஸ்டிஃபை" என்று கேட்டால் ஒரு காரணம் போதும், நான் பத்து வரி எழுதி நேரத்தைக் கரைத்தேன். ஜூனியர்கள் எழுதுவதைத் திருத்தும்போதுதான் மார்க் எந்த வரியில் விழுகிறது, எந்த வரி வீண் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. இந்த முறை இரண்டு வரிக்கு மேல் அரிதாகத்தான் எழுதினேன்.

பெயர் பரவிய விதம் நான் நினைத்ததற்கு நேர்மாறு. பாஸானவர்கள் ஒரு நன்றியோடு மறைந்துவிடுகிறார்கள், அது இயல்பு. என்னைப் பற்றி அதிகம் பேசியவன் ஃபெயிலான ஒருவன். ரிசல்ட் வந்த அன்று அவனைக் கூப்பிட்டேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, எனக்கு அது வராது. ரிசல்ட்டில் வரும் பாடவாரி வரைபடத்தை அனுப்பச் சொன்னேன். எதிக்ஸும் நிதி அறிக்கைப் பகுப்பாய்வான எஃப்.எஸ்.ஏ.வும் தரைமட்டம், மற்றவை பரவாயில்லை. இரண்டை மட்டும் நான்கு மாதம் தோண்டினோம், மீதிக்கு வாரம் ஒரு கலவைத் தேர்வு. அடுத்த முறை பாஸ்.

ஒரு வருடம் கழித்து அவன் சேர்ந்த ரிஸ்க் டீமில் இடம் காலியானது. என் பெயரைச் சொல்லியிருக்கிறான். நேர்காணலில் டீம் தலைவர் முதலில் கேட்டதே, "ஞாயிற்றுக்கிழமை பதில் அனுப்புவது நீங்கள்தானா?" அந்த டியூரேஷன் பக்கம் யார் யார் கையோ மாறி அவரிடமும் போயிருந்தது. இரண்டாவது கேள்வியாக அதையே விளக்கச் சொன்னார், இந்த முறை விலைக் கோட்டின் வளைவைக் கணக்கில் எடுக்கும் கான்வெக்ஸிட்டியோடு சேர்த்து.

மூன்று இடங்களில் இப்போது ஒன்று காலி. வருபவர்கள் ஒரு தப்பான கணக்கோடு வாருங்கள்.