பக்கவாதம் மாதிரி வந்து போகும் மைக்ரேன்

முதல் தடவை பார்வையின் வலது ஓரத்தில் வெளிச்சக் கோடுகள் நெளிந்தன. அவை அடங்குவதற்குள் வலது விரல் நுனிகள் மரத்தன. அந்த மரப்பு முழங்கை, தோள், கன்னம் என்று மெதுவாக ஏறியது. அப்புறம் கை துவண்டது, பேச்சு குழறியது. தலைவலி கடைசியில்தான் வந்தது.

அவசரப் பிரிவில் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அது சரிதான், அந்த நேரத்தில் வேறு எதையும் நினைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, கையும் மறுநாள் பழையபடி ஆனது. 'லேசான பக்கவாதமாக இருக்கலாம்' என்று எழுதி அனுப்பினார்கள்.

மறுபடி வந்தபோது பார்த்த நரம்பியல் மருத்துவர் ஸ்கேனைவிட என் பேச்சைத்தான் அதிகம் கவனித்தார். எது முதலில் வந்தது, அடுத்தது வர எவ்வளவு நேரம் ஆனது என்று துருவினார். பக்கவாதத்தில் பெரும்பாலும் எல்லாம் ஒரே நொடியில் வந்துவிடும். மைக்ரேனில் மூளையின் மேற்பரப்பில் ஓர் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதனால்தான் அறிகுறிகள் வரிசையாக ஊர்ந்து வருகின்றன. கை கால் பலவீனமும் சேர்ந்தால் அது ஹெமிப்ளீஜிக் மைக்ரேன். பலவீனம் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் முழுக்கச் சரியாகிவிடும், சிலருக்கு வாரக்கணக்கிலும் நீளும்.

"வீட்டில் வேறு யாருக்காவது இப்படி?" என்றார். இல்லை என்றேன். கூட வந்த அம்மாதான், "எனக்குச் சின்ன வயசில் கை வராமப் போகும், தூங்கி எழுந்தா சரியாயிடும். அக்காவுக்கும் உண்டு" என்றார். தலைவலிக்காரக் குடும்பம் என்று சொல்லிச் சொல்லியே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை!

மரபணுப் பரிசோதனையில் CACNA1A என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தது. ATP1A2, SCN1A மரபணுக்களாலும் இது வரலாம். பரிசோதனையில் எதுவும் தெரியாததாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. பெற்றோரில் ஒருவருக்கு இந்த மரபணு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மாற்றம் வர 50 சதவீத வாய்ப்பு. ஆனால் ஒரே மாற்றம் ஒருவரைப் படுக்கையில் போடும், இன்னொருவரைத் தொடாமலும் விடும்.

தாக்குதல் வராமல் தடுக்க எனக்கு இரவில் ஃப்ளூனரிசின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். வலி வந்தால் நாப்ராக்ஸனும் வாந்திக்கு ஒரு மாத்திரையும். ஃப்ளூனரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும். மனச்சோர்வு வந்தால் உடனே சொல்லச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை தாக்குதல்கள் நிற்கவில்லை, குறைந்தன. வெராபமில், அசிட்டசோலமைடு, லாமோட்ரிஜின் ஆகியவையும் சிலருக்குக் கொடுக்கப்படுகின்றன. ரத்தக்குழாயைச் சுருக்கும் ட்ரிப்டான், எர்காட் மருந்துகள் இந்த வகைக்குத் தவிர்க்கப்படுகின்றன. சாதாரண மைக்ரேனுக்கு ட்ரிப்டான் எழுதுவது வழக்கம் என்பதால், நோயின் பெயரும் இந்தத் தடையும் எழுதிய தாளைப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

என் மகனுக்கும் அதே மாற்றம் இருக்கிறது. CACNA1A உள்ள குழந்தைகளில் சிலருக்குத் தலையில் லேசாக அடிபட்டாலே கடும் தாக்குதலும் மூளை வீக்கமும் வரலாம். அதனால் அவன் விழுந்து தூங்கித் தூங்கி வழிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கை வராமல் போனாலோ வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை, நேராக மருத்துவமனைதான். எனக்கும் வழக்கமான வரிசை மாறி எல்லாம் சட்டென்று வந்தால் அதே விதி.