வாசல் கேட்டின் ஐந்து எழுத்துகள்: ஒரு பழைய புகைப்படத்தைச் சீர்செய்த அனுபவம்

எங்கள் பூர்வீக வீட்டின் வாசல் கேட் முழுதாகத் தெரியும் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அது 1960களில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம். நெகட்டிவைத் தாளின் மேல் நேரடியாக வைத்து அச்சிட்ட காண்டாக்ட் பிரிண்ட் என்பதால் அதன் அளவு 6 × 9 செ.மீ. மட்டுமே. கேட்டின் மேலே ஒரு இரும்பு வளைவு. அந்த வளைவில் இரும்புப் பட்டையை வளைத்துப் பற்றவைத்துச் செய்த ‘தில்லை மனை’ என்ற பெயர். வீடு கைமாறிய பின் கேட்டையும் மாற்றிவிட்டார்கள். ஆகவே அந்தப் பெயர் எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் படத்தில் 14 மி.மீ. நீளத்துக்குள் அடங்கியிருக்கும் ஐந்து எழுத்துகளே சாட்சி. அக்கா, தம்பி, நான் மூவரும் வெவ்வேறு நாடுகளில் இருக்கிறோம். படம் அக்காவிடம் இருந்தது. எழுத்துகளை மட்டுமாவது தெளிவாக்கி, பெரிதாக அச்சிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

எழுத்துகளின் நிலை மோசமாக இருந்தது. முதல் மூன்று எழுத்துகள் வெளுத்த வானத்துக்கு எதிரே நின்றதால், ஒளி ஓரங்களை அரித்துப் பட்டைகள் உண்மையான தடிமனைவிட மெலிந்து தெரிந்தன. கடைசி இரண்டும் மரத்தின் இருட்டுக்கு எதிரே நின்றதால் இலைகளோடு கலந்து மறைந்திருந்தன. போதாததற்குப் படத்தை யாரோ மடித்து வைத்திருந்த தடம் சரியாக ‘லை’யின் மேற்பகுதி வழியாகப் போயிருந்தது, அந்த மடிப்பில் படலம் உதிர்ந்து வெறும் வெள்ளைத் தாள்தான் தெரிந்தது.

அக்கா முதலில் கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்பினார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிக் கட்டங்கட்டமாக ஒரு கலங்கல் தெரிந்தது. அது படத்திலுள்ள குறை அல்ல. செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், கூர்மையான கோடுகளின் ஓரத்தில் இப்படி அழுக்கு சேரும். வானத்தைக் கெடுக்காத அளவு சுருக்கம்கூட எழுத்தைக் கெடுத்துவிடும். எனவே தட்டை ஸ்கேனரில் ஸ்கேன் செய்து, இழப்பில்லாத டிஃப் கோப்பாகவே இணையச் சேமிப்பகத்தில் ஏற்றச் சொன்னோம்.

ஸ்கேன் செய்வதில்தான் வேலையின் பாதி இருக்கிறது என்பது என் கருத்து. வழக்கமான 300 டிபிஐ அளவில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், ஐந்து எழுத்துகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 165 பிக்சல்களே கிடைக்கும். ஒரு பட்டையின் தடிமன் இரண்டு பிக்சலுக்குள் முடிந்துவிடும். 1200 டிபிஐயில் 660 பிக்சல்கள் கிடைத்தன, பட்டைக்கு ஏழு பிக்சல் வந்தது. 2400இலும் எடுத்துப் பார்த்தோம். தாளின் மேற்பரப்புச் சொரசொரப்புத்தான் கூடுதலாகத் தெரிந்ததே தவிர எழுத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்யாமல் வண்ணத்திலேயே செய்தது பின்னால் கைகொடுத்தது. வண்ண ஸ்கேன் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பிரிந்து பதிவாகும். காலப்போக்கில் ஏறிய மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் கருமையாகப் பதியும், சிவப்புச் சேனலில் மிகக் குறைவாகவே தெரியும். மரத்தின் இருண்ட பகுதியில் வெள்ளித் துகள்கள் மேலெழுந்து நீலம் பூத்தாற்போல் மினுங்கியதும் சிவப்புச் சேனலில் அடங்கிவிட்டது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒதுக்கினோம்.

மடிப்புக்கும் ஒரு வழி உண்டு. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்தே வீசுவதால் மடிப்பின் மேடு நிழல் விழுத்தும். படத்தை ஒருமுறை நேராகவும், மறுமுறை தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்தால் நிழல் எதிரெதிர்ப் பக்கங்களில் விழும். இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தபோது மடிப்பின் அகலம் பாதியாகக் குறைந்தது. உதிர்ந்த இடம் உதிர்ந்ததுதான். ஆனால் உதிராமல் நிழலில் மட்டும் மறைந்திருந்த ஓரங்கள் வெளியே வந்தன. ‘லை’யின் மேற்பகுதியில் இரண்டு சிறு முனைகள் எங்களுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

ஸ்கேனர் மென்பொருளில் தூசியை நீக்கும் வசதியை அக்காவிடம் அணைத்து வைக்கச் சொன்னேன். தமிழ் எழுத்துக்கு அது ஆபத்தானது, ஏனென்றால் அதன் கண்ணுக்குப் புள்ளியும் தூசியும் ஒன்றுதான். ‘ல்’ மேல் இருந்த கரும்பொட்டு புள்ளிதானா என்பதை நாங்களே சோதிக்க வேண்டியிருந்தது. மென்தூரிகையால் தடவிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தும் பொட்டு இடம் மாறவில்லை. ஆகவே அது தாளின் மேல் கிடந்த தூசி அல்ல. நெகட்டிவின் மேல் கிடந்த தூசியாக இருந்தால் அச்சில் வெள்ளையாக வந்திருக்கும். நெகட்டிவில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் மட்டுமே கரும்பொட்டு விழும். அதன் ஓரம் கத்தரித்தாற்போல் இருக்கும். இதன் ஓரமோ எழுத்துகளின் ஓரத்தைப் போலவே மங்கலாக இருந்தது.

அந்தப் பொட்டிலிருந்து மேல்நோக்கி ஒரு மயிரிழைக் கோடு போனது. தம்பி அதைக் கீறல் என்று நினைத்து அழிக்கத் தயாராக இருந்தான். கீறல் என்றால் வளைவின் சட்டத்தையும் தாண்டிப் போயிருக்கும். இது சட்டத்தில் தொடங்கிப் புள்ளியில் நின்றது. அது கீறல் அல்ல, தாங்குக் கம்பி என்று அப்போதுதான் புரிந்தது. இரும்பில் எழுதும்போது புள்ளி அந்தரத்தில் நிற்காது அல்லவா? மேலேயிருந்து ஒரு கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார் அந்தக் கொல்லர். கோட்டைத் தொடாமல் விட்டோம்.

அடுத்து ‘லை’. அது எந்த வடிவத்தில் இருந்தது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. தம்பி பள்ளியில் படித்தது இன்றைய வடிவம். அக்கா படித்தது பழையது. ணை, லை, ளை, னை ஆகிய நான்கையும் முன்பு தனியான இணைக்கொம்பு இல்லாமல், எழுத்தின் இடப்பக்கத்திலிருந்து மேலே எழும்பும் துதிக்கை போன்ற வளைவை ஒட்டி எழுதுவார்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்து, இவற்றோடு ணா, றா, னா போன்றவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. எங்கள் கேட் அதற்கு முந்தையது. ஆனால் இந்த ஆண்டுக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. பெரியாரின் ‘குடிஅரசு’ இதழ் 1935இலேயே புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டது. வீட்டில் யாருக்காவது அந்தப் பழக்கம் இருந்திருந்தால் கேட்டிலும் அதுவே வந்திருக்கலாம். ஆகவே படத்தையே கேட்டோம்.

பதில் ‘னை’யில் இருந்தது. இருண்ட பகுதியை வளைகோட்டுக் கருவியால் மெல்ல மெல்ல வெளிச்சமாக்கியபோது இலைகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய வெண்கோடு தொடர்ச்சியாகத் தெரிந்தது. பட்டையின் மேல் விளிம்பில் பட்ட வெயில் அது. எழுத்தின் உடல் மரத்தோடு கலந்துவிட்டாலும் இந்த விளிம்பை மட்டும் பின்தொடர்ந்தால் முழு எழுத்தும் கிடைத்தது. இடப்பக்கத்தில் துதிக்கை தெளிவாக எழும்பியது. ஒரே பெயரில் ‘னை’யைப் பழைய வடிவிலும் ‘லை’யைப் புதிய வடிவிலும் வைத்திருக்க வாய்ப்பில்லை. மடிப்பின் ஓரத்தில் கிடைத்த இரண்டு முனைகளும் துதிக்கை புறப்படும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் சரியாக இருந்தன. அக்கா, “நான் தினமும் விரலால் தடவிக்கொண்டு போன எழுத்துடா அது” என்றார். கேட்டின் மேல்வளைவு ஒரு சிறுமிக்கு எட்டியிருக்குமா என்று தம்பி கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தரையில் விழுந்திருந்த எழுத்துகளின் நிழலை வைத்துத் துதிக்கையின் வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று தம்பி சொன்னான். நல்ல யோசனைதான், ஆனால் சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் ஓரம் மூன்று மீட்டர் தொலைவில் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் கலங்கிவிடும். பட்டையின் தடிமனே அவ்வளவுதான் இருக்கும் என்பதால் நிழலில் எழுத்து இல்லை, எழுத்துக்கு எழுத்து உள்ள இடைவெளி மட்டுமே இருந்தது.

வரைவதற்கு எழுத்துரு எதுவும் உதவாது. இங்கே நான் தட்டச்சிடும் ‘லை’ உங்கள் திரையில் பெரும்பாலும் புதிய வடிவத்தில்தான் தெரியும். யூனிகோடில் பழைய வடிவத்துக்கெனத் தனிக் குறியெண் கிடையாது, எழுத்துருவே அதைத் தந்தால்தான் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தாலும் அது அச்செழுத்து. எங்கள் கேட்டில் இருந்தது கொல்லரின் கை. எனவே இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் படத்தின் மேல் கோடு கோடாக வரைந்தோம். பட்டையின் அகலம் எங்கும் ஒன்றே என்பதால் வெளிக்கோட்டை வரையத் தேவையில்லை. நடுக்கோட்டை மட்டும் வரைந்து அதற்குத் தடிமன் கொடுத்தால் போதும். படம் ஒரு பக்கமாக நின்று எடுக்கப்பட்டதால் வலப்பக்க எழுத்துகள் சிறுத்திருந்தன. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் வளைவை நேர்முகமாக்கிய பிரதியில் வரைந்து, பிறகு அதே அளவில் திருப்பிச் சாய்த்தோம். நேர்முகப் பிரதியில் ‘னை’யின் துதிக்கையை நகலெடுத்து ‘லை’யின் மேல் வைத்தபோது இடமுனை பொருந்தியது, வலமுனை இரண்டு பிக்சல் தள்ளி விழுந்தது. கையால் வளைத்த இரண்டு வளைவுகள் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருக்காது. முனை சொன்னபடியே வளைவைச் சற்றுத் தட்டையாக்கினோம்.

வரைந்த கோட்டை அப்படியே படத்தில் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் துருத்தும். முழுக் கறுப்புக்குப் பதிலாகப் பக்கத்திலுள்ள கேட் கம்பியின் சாம்பலை எடுத்துப் பூசி, ஓரத்தை ஒன்றரை பிக்சல் அளவு மங்கலாக்கி, படத்தின் வானப் பகுதியில் உள்ள மணல்போன்ற துகள்களை எடுத்து அதன் மேல் தூவிய பிறகே கோடு படத்துக்குள் அடங்கியது. வானத்துக்கு எதிரே மெலிந்திருந்த எழுத்துகளின் தடிமனைக் கூட்டுவதா என்று யோசித்துக் கூட்டாமல் விட்டோம். அந்த மெலிவு படத்துக்கு உரியது, கேட்டுக்கு உரியதல்ல என்றாலும் அதைத் திருத்தினால் சுற்றியுள்ள வானமும் பொய்யாகிவிடும்.

மடிப்பு முழுவதையும் அழித்துவிட வேண்டும் என்றார் அக்கா. எழுத்துகளைத் தொடும் இடத்தில் மட்டும் சரிசெய்வோம் என்றோம் நாங்கள். கடைசியில் இரண்டு வகையிலும் அச்சிட்டோம். மூலக் கோப்பில் நாங்கள் வரைந்தவை எல்லாம் தனி லேயரில் இருக்கின்றன, அணைத்துவிட்டால் பழைய படம் அப்படியே வரும். ஒவ்வொரு பிரதியின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறோம்: “‘லை’யின் துதிக்கை, இரு முனைகள் தவிர, ‘னை’யைப் பார்த்து வரைந்தது. புள்ளியும் அதன் கம்பியும் படத்தில் உள்ளவை.”