நிர்வாக நலன் கருதி

ஆகஸ்ட் 31, 2024

பிரசவ வார்டு நர்ஸுகளுக்கான செப்டம்பர் டியூட்டி லிஸ்ட் இன்று சாயங்காலம் ஒட்டினார்கள். எனக்கு மாதம் முழுக்க நைட். ஆகஸ்ட் லிஸ்டில் ஆளுக்கு ஒரு வாரம் என்று சுழற்சியாக வந்தது, இதில் என் பெயருக்கு நேராக மட்டும் ‘நை’, ‘நை’ என்று கடைசி வரை ஓடுகிறது. பழைய லிஸ்ட் அதன் அடியிலேயே இருந்தது. கிழிப்பதற்குள் இரண்டையும் போட்டோ எடுத்துவிட்டேன். மேலே மாதமும் கீழே கையெழுத்தும் தெரிய வேண்டும் என்று ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். டியூட்டி முடிந்து போன சிஸ்டர் ஒருவர் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

செப்டம்பர் 1

அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 3

சங்கத்து அக்கா போன் செய்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. முதல் கேள்வியே, “புகார் நகலில் ஆபீஸ் தபால் பிரிவின் சீல் வாங்கினாயா?” வாங்கியிருக்கிறேன். ஆகஸ்ட் 20. நீல மை, எழுத்தரின் சுருக்கொப்பம், பதிவேட்டு எண். “அதுதான் உன் ஜீரோ கிலோமீட்டர் கல். இனி நடக்கிற எல்லாவற்றையும் அங்கிருந்து அளந்துகொண்டு போ” என்றார்.

அப்புறம் நோட்டைப் பற்றிச் சொன்னார். ஸ்பைரல் வேண்டாம், தைத்த நோட்டு. பக்க எண்ணை முதலிலேயே போட்டுவிட வேண்டும். நடந்த அன்றே எழுத வேண்டும், இடம் விடக்கூடாது, வெள்ளை மை கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். “பழிவாங்குகிறார்கள் என்று ஒரு இடத்தில்கூட எழுதாதே. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் சொன்னார், என்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார். அவ்வளவுதான். ஏன் செய்தார்கள் என்பதைப் படிக்கிறவர் தானே கண்டுபிடிக்கட்டும்.”

ஆகவே அந்த நோட்டு ஒன்று, இது வேறு. அங்கே கோபப்பட எனக்கு அனுமதி இல்லை. இங்கே எழுதுகிறேன்: பிரசவம் முடிந்து துணியைக்கூட மாற்றாத பெண்ணின் மாமியாரிடம், குழந்தையைக் காட்டுவதற்கு எங்கள் வார்டு ஆட்கள் ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். அந்தப் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய நூறு ரூபாய்த் தாள்களை எண்ணினார். ஏழுதான் இருந்தது. ‘பெண் குழந்தைதானே, போதும்’ என்று வாங்கிக்கொண்டார்கள். புகாரில் நான் எழுதியது அதைத்தான். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 9

லீவு இல்லை.

அம்மாவுக்கு நாளைக்குக் கண்புரை ஆபரேஷன். போன வாரமே தற்செயல் விடுப்புக்கு இரண்டு பிரதி எழுதிக் கொடுத்து, ஒன்றில் சீல் வாங்கியிருந்தேன். இன்று காலை நைட் முடிகிற நேரத்தில் சூப்பிரண்டென்ட் மேடம் வராண்டாவில் நின்றபடியே, “ஆள் இல்லை, லீவு கிடையாது” என்றார். “அதையே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுங்கள் மேடம்” என்றேன். முகம் மாறியது. எழுதவில்லை.

சி.எல். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி கிடையாது. வேலை நெருக்கடி என்று மறுக்கலாம். ‘எனக்கு லீவு தரவில்லை’ என்று மட்டும் எழுதினால் அது புலம்பலாகத்தான் நிற்கும். அதே நாளில், அதே வார்டில், எனக்குப் பின்னால் விண்ணப்பித்த ஒருவருக்குக் கொடுத்திருந்தால் அது வேறு கதை. மதியம் தூங்காமல் போய் லிஸ்டைப் பார்த்தேன். நாளைய தேதியில் இரண்டு பேருக்கு சி.எல். போட்டிருக்கிறது. போட்டோ எடுத்தாயிற்று. யார் எப்போது விண்ணப்பித்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். அவர்களிடம் கேட்டால் அவர்களுக்குத்தான் சிக்கல். பதிவேட்டில் இருக்கும், பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 10

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமா கூட இருந்தார். நான் இல்லை.

செப்டம்பர் 17

‘புகாரைத் திரும்பப் பெற்றால் அடுத்த மாதம் டே டியூட்டி வரும்’ என்று ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். சொன்னவர் கெட்டவர் இல்லை, என் மேல் அக்கறை உள்ளவர்தான். ஆனாலும் அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, நேரத்தோடு எழுதி வைத்தேன். எல்லா நிகழ்ச்சியிலும் இதுதான் கனமானது என்று அக்கா சொல்கிறார். புகாரையும் டியூட்டியையும் அவர்களே ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இன்னொருவர், கேஸ் ஷீட்டுகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள், சாட்சியாக இருக்கும் என்றார். மாட்டேன். அது நோயாளியின் உடம்பு, என் வழக்கு இல்லை. மேலும் அதைச் செய்தால், இதுவரை கிடைக்காத ஒரு நிஜக் குற்றச்சாட்டு அவர்களுக்குக் கிடைத்துவிடும். டியூட்டி லிஸ்ட், எனக்கு வந்த கடிதம், நான் கொடுத்த கடிதம். அதோடு நிறுத்திக்கொள்வேன்.

செப்டம்பர் 24

பகல் 12.20. மேடம் போனில். “நாளையிலிருந்து மலை மேலே தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாற்றுப்பணி. ஆர்டர் பிறகு வரும்.”

எத்தனை நாளைக்கு என்றேன். போனை வைத்துவிட்டார்.

கை நடுங்கியது. அரை மணி நேரம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். வாய்மொழி உத்தரவைக் காகிதத்துக்குக் கொண்டுவர ஒரே வழி, நாமே எழுதிக் கேட்பது. அக்கா சொல்லச் சொல்ல எழுதியது இது:

“இன்று 24.09.2024 பகல் 12.20 மணிக்குத் தாங்கள் தொலைபேசியில், நாளை முதல் மாற்றுப்பணியில் செல்லுமாறு தெரிவித்தீர்கள். காலவரையறை கேட்டபோது தெரிவிக்கப்படவில்லை. எழுத்துப்பூர்வ ஆணையும் பணிவிடுவிப்பு ஆணையும் கிடைத்தவுடன் இணங்கிச் செயல்படத் தயாராக உள்ளேன். மேற்கண்ட விவரம் தவறெனில் திருத்தித் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. அவர்கள் மறுத்து எழுதாவிட்டால் நான் எழுதியது நிற்கும். ‘இணங்கத் தயார்’ என்று இருப்பதால் கீழ்ப்படியவில்லை என்று மெமோ கொடுக்கவும் வழியில்லை. ஆபீஸ் தபால் பிரிவில் சீல் வைக்க மறுத்தார்கள். நேராகத் தபால் நிலையம் போய், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீது மை ஒரு வருடத்தில் மங்கிவிடுமாம், அன்றே நகல் எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 27

ஆர்டர் வந்துவிட்டது. நாலு வரி. ‘நிர்வாக நலன் கருதி’. காலவரையறை இல்லை.

யாருடைய நலன்?

செப்டம்பர் 28

போகவே மாட்டேன் என்று நேற்று ராத்திரி முழுக்க அழுதுகொண்டிருந்தேன். வக்கீல் சார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “போங்கள்.” 1989-ல் குஜராத் மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதாம், மனு கொடுத்திருக்கிறேன் என்பதற்காக மட்டும் புது இடத்தில் சேராமல் இருக்க முடியாது என்று. அந்த ஊழியர் சேராமலே இருந்து வேலையை இழந்தார். சேர்ந்துவிட்டுத்தான் சண்டை. பணியேற்பு அறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: “இவ்வாணையை எதிர்க்கும் எனது உரிமைக்குக் குந்தகமின்றிப் பணியேற்கிறேன்.”

செப்டம்பர் 30

முதல் பஸ் விடியற்காலையில். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வந்தது. இங்கே சிஸ்டர்கள் அன்பாக இருக்கிறார்கள். “நீங்கள் எதற்கு வந்தீர்கள்? எங்களுக்கு வேகன்சியே இல்லையே” என்று கேட்டார்கள்.

இங்கே வேகன்சி இல்லை. அங்கே என் இடம் காலி. நோட்டில் இதைப் பெரிய எழுத்தில் எழுத ஆசை. சாதாரண எழுத்தில்தான் எழுதினேன்.

அக்டோபர் 5

தூங்கவில்லை, தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நம் மாநிலத்துத் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பாவே 1974-ல் தோற்றிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் மாற்றினார்கள் என்று சொல்கிறவர்மேல்தான் நிரூபிக்கும் சுமை, அது மிகக் கனமானது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தலைமைச் செயலாளருக்கே அப்படி என்றால் வார்டு நர்ஸுக்கு?

அப்புறம் 2020 தீர்ப்பு. பஞ்சாப் அண்ட் சிந்த் வங்கி - துர்கேஷ் குவார். இந்தூர் கிளையில் சாராய ஒப்பந்தக்காரர்களின் கணக்குகளில் முறைகேடு என்று எழுதிய பெண் அதிகாரி, மேலதிகாரிமேல் பாலியல் தொந்தரவுப் புகாரும் கொடுத்தவர். அவரை ஜபல்பூர் மாவட்டத்துச் சிறிய கிளை ஒன்றுக்குத் தூக்கி அடித்தார்கள். அவர் ஸ்கேல் 4 அதிகாரி, அந்தக் கிளையோ அதைவிட மூன்று படி கீழே உள்ள ஸ்கேல் 1 அதிகாரிக்கானது. நீதிமன்றத்தின் கண்ணில் அது பட்டது. மாற்றம் ரத்து, திரும்ப இந்தூர், ஐம்பதாயிரம் ரூபாய் செலவுத் தொகை. முறைகேட்டை எழுதியதற்குப் பழிவாங்கல் இது என்று நீதிமன்றம் சொன்னது. பதவிக்கும் இடத்துக்கும் பொருந்தவில்லை என்பதும் சேர்ந்து பேசியது.

வேகன்சி. வேகன்சி. வேகன்சி.

அக்டோபர் 8

தகவல் உரிமை மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். ‘ஏன் மாற்றினீர்கள்?’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். காரணத்தைக் கேட்கக் கூடாது, காகிதத்தைக் கேட்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பர் டியூட்டி லிஸ்ட் நகல். செப்டம்பர் மாத சி.எல். விண்ணப்பப் பதிவேட்டின் நகல். இரண்டு மருத்துவமனைகளிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரம்பியது, காலி. கடைசியாக, என் மாற்றுப்பணி ஆணை பிறந்த கோப்பின் குறிப்புப் பக்கங்கள், முதல் பக்கத்திலிருந்து. முப்பது நாள்.

அக்டோபர் 19

அம்மா போனில், “எல்லாரும் வாங்குகிறார்கள், உனக்கு மட்டும் ஏன் பொறுக்கவில்லை?” என்றாள். அந்தப் பாட்டியின் முந்தானை முடிச்சைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் அம்மா பேசவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. டியூட்டி.

நவம்பர் 6

பதில் வந்தது. பணியிட விவரம் நான் சொன்னதேதான். சி.எல். பதிவேடும் வந்தது, லீவு கிடைத்த இரண்டு பேரில் ஒருவர் எனக்கு மூன்று நாள் பின்னால் விண்ணப்பித்திருக்கிறார்.

கோப்புக் குறிப்பை இத்தனை முறை படித்தும் நம்ப முடியவில்லை. முதல் பக்கத்தின் தேதி ஆகஸ்ட் 22. என் புகாரில் சீல் விழுந்து இரண்டே நாள். அதில் ‘மேற்படி செவிலியர் உடன் பணிபுரிவோர் மீது புகார் அளித்து வார்டின் சூழலைக் கெடுத்து வருவதால் வேறு இடத்துக்கு அனுப்பலாம்’ என்று எழுதி, கீழே ‘நிர்வாக நலன் கருதி ஆணையிடலாம்’ என்று பச்சை மையில் ஒப்புதல்.

நான் சூழலைக் கெடுத்தேன் என்றால் 17(அ) ஒழுங்கு நடவடிக்கை மெமோ கொடுத்து விளக்கம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தண்டனைக்குப் பதிலாக இடமாற்றம் செய்தால் செல்லாது என்று 2009-ல் சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் சார் போனில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு, “குறிப்பில் கையெழுத்து தெளிவாக இருக்கிறதா, சான்றிட்ட நகல்தானா?” என்று கேட்டார். சீல் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் ஓரம் மட்டும் வெட்டுப்பட்டிருக்கிறது. அதை முழுதாகக் கேட்டு நாளைக்கே எழுத வேண்டும்.

நவம்பர் 7

எழுதிப் போட்டாயிற்று. ஒப்புகை அட்டையோடு. நைட்டுக்குக் கிளம்புகிறேன்.