செல்துண்டின் மேல் போட்ட பழி

என் நாரி நோவுக்கு 12 ஆண்டுகளாக எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: 2009இல் இடது பிட்டத்தில் பாய்ந்த செல்துண்டு. எக்ஸ்றே எடுக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைத் துண்டுதான் முதலில் கண்ணில் படும். வன்னியில் இளம் வயதுக்காரன் நாரியைப் பிடித்துக்கொண்டு வந்தால் காயத்தை நினைப்பது இயல்புதான். நானும் அப்படியே நம்பினேன்.

நோவு தொடங்கியபோது எனக்கு 22 வயது. விடியப்புறம் மூன்று மணிக்கு எழுப்பிவிடும். முற்றத்தில் நடந்தால் குறையும். காலையில் கிணற்றடியில் குனிய ஒரு மணி நேரம் ஆகும். வயலில் மண்வெட்டி பிடித்தால் சுகம், படுத்து ஓய்வெடுத்தால் இறுகிவிடும். இதை யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

கேட்டவர் ஒரு கண் வைத்தியர். ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போயிருந்தேன். கண்ணுக்குள் அழற்சி என்றவர், “காலையில் நாரி பிடிக்கிறதா? எவ்வளவு நேரம்?” என்றார். பிறகு மூட்டு வைத்தியரிடம் அனுப்பினார்.

அவர் இடுப்புக்கூட்டை முன்பக்கமாக எக்ஸ்றே எடுக்கச் சொன்னார். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேருமிடத்தில் இரு பக்கமும் ஒரு கறுப்புக் கோடு தெரிய வேண்டுமாம். அதுதான் மூட்டின் இடைவெளி. என் படத்தில் இடப்பக்கம் கோடே இல்லை, எலும்பு ஒன்றாகிவிட்டது. வலப்பக்கம் ஓரம் அரிவாள் பல்லைப்போல அரிபட்டு, சுற்றிலும் வெளுத்திருந்தது. முதுகுப் படத்தில் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெல்லிய எலும்புப் பாலங்கள் வளர்ந்து, கணுக்கணுவாக மூங்கில் தடிபோல நின்றது. அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் என்றார்: முதுகு மூட்டுகளில் அழற்சி வந்து எலும்புகள் ஒட்டிப்போகும் நோய். கண்ணில் வந்த அழற்சியும் அதனோடு சேர்ந்ததுதான்.

என் சொப்பிங் பையிலிருந்த பழைய படத்தையும் வெளிச்சத்தில் பிடித்தார். 25 வயதில் நாரிக்கு எடுத்தது. படத்தின் கீழ் ஓரத்தில் அதே மூட்டு, அப்போதே மங்கலாக இருந்தது. செல்துண்டுக்கு இரண்டு விரல் தள்ளித்தான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

நோயின் முதல் ஆண்டுகளில் எக்ஸ்றே சுத்தமாகவே இருக்கலாம், அப்போது எம்.ஆர்.ஐ.தான் அழற்சியைக் காட்டும் என்றார். உடம்பில் உலோகம் இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எனக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படவில்லை, எக்ஸ்றேயே போதுமாக இருந்தது.

ஒட்டிய எலும்பு இனிப் பிரியாது. மாத்திரையும் தினசரிப் பயிற்சியும் நோவைக் குறைத்திருக்கின்றன, கழுத்து இன்னும் திரும்புகிறது. எண்ணெய் பூசி முறுக்கி நெட்டி எடுக்கும் பழக்கத்தை வைத்தியர் அடியோடு தடுத்துவிட்டார். மூங்கிலான முதுகு சிறு விழுகையிலும் உடையும், எக்ஸ்றேயில் அந்த உடைவு தெரியாமலும் போகும். சைக்கிளிலிருந்து விழுந்து புதிதாக நோவு வந்தால் சி.டி. எடுக்கும்படி கேட்கச் சொன்னார்.

கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் குதிக்காலும் முதுகும் சுவரில் படும்படி நிற்கவைத்து, முதுகு கூனுகிறதா என்று பார்க்கப் பின்மண்டைக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்கள். கடந்த முறை 4 சென்ரிமீற்றர். அதற்கு முந்திய முறையும் அதே 4.